சூடும் குளிர்ச்சியும்

நோயாளியின் உணவு வரலாற்றை எழுதும்போது, அவர் என்ன உண்கிறார் என்று கேட்பதோடு நில்லாமல், எதை ஏன் விலக்குகிறார் என்றும் கேட்டல் வேண்டும். இப்பாடத்தை எனக்குக் கற்பித்தவர் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர்.

மருத்துவமனையின் உணவு ஆலோசனைப் பிரிவில் நான் பணியேற்ற புதிது. அப்பெண்ணின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6 கிராம் இருந்தது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. ஏட்டில் நான், "முட்டை, முருங்கைக் கீரை உண்பதில்லை" என்று எழுதினேன். அவற்றை உண்ணும்படி சொன்னேன். மருத்துவர் எழுதிய இரும்புச் சத்து மாத்திரைகளை நாள்தோறும் இரண்டு விழுங்கச் சொன்னேன். அவரும் தலையசைத்தார். அடுத்த மாதம் வந்தபோது ஹீமோகுளோபின் சற்றும் உயரவில்லை. மாத்திரைப் பொட்டலத்தைக் காட்டச் சொன்னேன். நான்கைத் தவிர எல்லாம் அப்படியே இருந்தன.

அப்பொழுதுதான், "ஏன் அம்மா?" என்று கேட்டேன். உடன் வந்த மாமியார் விடை சொன்னார்: "கர்ப்பமே சூடு. அதன்மேல் சூட்டு மாத்திரையும் தந்தால் கரு தாங்குமா?" மாத்திரை தின்ற நான்கு நாளும் மருமகளுக்கு வயிறு எரிந்ததாம், மலம் கறுத்ததாம். அவர் கண்டது பொய்யன்று. இரும்புச் சத்து மாத்திரை வயிற்றை உறுத்துவதும் மலத்தைக் கறுப்பாக்குவதும் உண்மையே. அவற்றுக்கு அவர் கொண்ட பொருள்தான் வேறு.

சூடு என்பது தொட்டறியும் வெப்பமன்று. உணவு உடலில் செய்யும் வேலையைக் குறிப்பது. பொதுவாகக் கர்ப்ப காலத்தில் சூட்டுப் பொருளை அஞ்சும் குடும்பமே, பிள்ளை பிறந்ததும் குளிர்ச்சியை அஞ்சி, பூண்டும் சுக்கும் ஊட்டும். எனவே நிலை மாறினால் பட்டியலும் மாறும். வீட்டுக்கு வீடும் மாறும். ஒரு வீட்டில் கேழ்வரகு குளிர்ச்சி. மறு வீட்டில் அது சூடு. ஆகவே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து கொண்டு எல்லாருக்கும் பொருத்துவது தவறு.

அன்றிலிருந்து என் ஏட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு செய்திகளை எழுதலானேன். அவர் சொல்லிலேயே அது சூடா, குளிர்ச்சியா. உண்டால் என்ன நேரும் என அஞ்சுகிறார். விலக்கச் சொன்னவர் யார். முற்றிலும் விலக்கா, அன்றிச் சூட்டைத் தணித்து உண்ணலாமா? இறுதிக் கேள்வியே உடன்பாட்டுக்கு வாயிலாகும்.

அந்த மாமியாரிடம், "சூட்டைத் தணிக்க உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "முருங்கைக் கீரையில் பாசிப்பருப்பைச் சேர்த்தால் தணியும், எலுமிச்சைச் சாறும் மோரும் குளிர்ச்சி" என்றார். வழி அவர் வாயிலிருந்தே பிறந்தது. வாரம் இருமுறை பருப்புக் கூட்டிய கீரை என்று முடிவாயிற்று. இரவு உணவுக்குப் பின் ஒரு மாத்திரை, காலை உணவுக்குப் பின் ஒன்று. இரண்டும் எலுமிச்சைச் சாற்றோடு. எலுமிச்சை அவர் கணக்கில் சூட்டைத் தணித்தது. என் கணக்கில் அதன் புளிப்பும் வைட்டமின் சி சத்தும் இரும்பு உடலிற் சேர உதவின. மோரிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரும்பு சேர்வதைக் குறைக்குமாதலின், மோரை இரண்டு மணி நேரம் தள்ளி அருந்தச் சொன்னேன். காப்பிக்கும் தேநீருக்கும் அதே விதி. மலம் கறுப்பது மாத்திரையினால் என்பதையும் முன்கூட்டியே விளக்கினேன்.

பப்பாளியை அவர்கள் தொடவே மாட்டார்கள். அதைப்பற்றி நான் வாதிடவில்லை. பப்பாளியின்றியும் கர்ப்பிணி நலமாக வாழலாம். நெல்லிக்காய் உண்ண அவர்கள் இசைந்தனர். தீங்கில்லாத விலக்கை அப்படியே விட்டுவிட்டால், தேவையான இடத்தில் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். ஆனால் மாத்திரையில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அளவு சோகையை உணவு மட்டும் தீர்க்காது. உண்ணும் வேளையும் துணைப்பொருளும் பேரத்துக்கு உரியன; மாத்திரையின் எண்ணிக்கை அவ்வாறன்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "சூடு" என்னும் சொல்லுக்குள் நோய் மறைந்திருக்கலாம். நீர் கடுத்துப் போவதையும் சூடு என்றே சொல்வர். கர்ப்பிணி அவ்வாறு சொன்னால், இளநீரோடு அனுப்பிவிடாமல் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். அது கிருமித் தொற்றாக இருக்கக்கூடும்.

புறப்படுமுன் மாமியாரையே முடிவுகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். தலையசைப்பை நம்பி ஒருமுறை ஏமாந்தவள் அல்லவா? அவர் ஒன்றும் விடாமல் சொன்னார். மறு மாதம் பொட்டலத்தில் எஞ்சியவை மூன்று மாத்திரைகள், ஹீமோகுளோபின் 9.7 கிராம். "இப்பொழுது சூடு எப்படி?" என்று கேட்டேன். "தணித்துத்தானே கொடுக்கிறோம்!" என்றார் மாமியார். அதனையும் அவர் சொல்லிலேயே ஏட்டில் எழுதிக்கொண்டேன்.