பள்ளிச் சீருடைத் தொழிலில் பணவரவும் பணச்செலவும்
(கருமத்தம்பட்டியில் ஆற்றிய உரை)



நம் பகுதியில் தையல் தெரிந்தோர் பலர். சீருடை தைத்து விற்றோர் சிலர் நல்ல விலைக்கு விற்றும் கையில் காசில்லாமல் நிற்பது ஏன்? இலாபம் வேறு, கையிருப்பு வேறு என்பதே இதற்கு விடை. சீருடைக்குச் செலவு மார்ச்சில் தொடங்குகிறது. வரவோ ஜூனில்தான் பெருகுகிறது. இடையிலுள்ள மூன்று மாதப் பள்ளத்தில்தான் வட்டிக்காரர் நிற்கிறார்.

நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்பது ஆண்டுக்கு அறுபது விழுக்காடு. தண்டல் இன்னும் கொடிது. பத்தாயிரம் எழுதி ஒன்பதாயிரம் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பர். நாள்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நம்மிடம் இருக்கும் தொகை ஏறத்தாழ 4,500 மட்டுமே. அதற்கு நூறு நாளில் ஆயிரம் வட்டி என்றால் ஆண்டுக்கு எண்பது விழுக்காட்டையும் கடக்கிறது. மிகை வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. எனினும் கடன் தேவைப்படாதவாறு திட்டமிடுவதே முதற்காப்பு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விலைகள் கணக்கிற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் விலைகளை இட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 300 சீருடைகள். ஒன்றுக்குத் துணி 350, நூல், பொத்தான் முதலியன 50, தையற்கூலி 150. ஆக அடக்கம் 550. விற்பனை 700. மொத்த இலாபம் 45,000. நம் சொந்த உழைப்பிற்கும் கூலி எழுத வேண்டும். எழுதாவிடில் வீட்டுச் செலவு முதலை அரித்துவிடும்.

துணி முழுவதையும் மார்ச்சில் ஐந்து வட்டிக் கடனில் வாங்கினால் 1,05,000 வேண்டும். ஜூலை முடிய ஐந்து மாத வட்டி மட்டும் 26,250. இலாபத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது.

மாறாக, கையில் 50,000 வைத்துக்கொண்டு மூன்று தவணைகளாக, தவணைக்கு நூறு சீருடை வீதம் செய்வோம். ஒரு தவணைக்குத் துணியும் பொத்தானும் 40,000, கூலி 15,000. அளவெடுக்கும்போதே பெற்றோரிடம் சீருடைக்கு 200 முன்பணம் பெறுவோம்.

மார்ச்சில் முதல் தவணைத் துணி வாங்கியபின் மிச்சம் 10,000. ஏப்ரலில் 150 பேர் முன்பணம் 30,000 வருகிறது, கூலியும் இரண்டாம் தவணைத் துணியுமாக 55,000 போகிறது, 15,000 குறைகிறது. மே மாதத்தில் மற்ற 150 பேர் முன்பணம் 30,000, அறுபது சீருடை கொடுத்த மீதிப்பணம் 30,000. கூலியும் மூன்றாம் தவணைத் துணியும் 55,000. குறை 10,000 ஆகிறது. ஜூன் தொடக்கத்தில் கடைசிக் கூலி 15,000 கொடுத்ததும் குறை 25,000. இதுவே ஆழமான பள்ளம். பின்னர் ஜூனில் 140 சீருடைக்கு 70,000, தாமதமாகத் தரும் நூறு பேரிடம் ஜூலை, ஆகஸ்டில் 50,000 வந்து, இறுதியில் 95,000 நிற்கும். முன்பணம் வாங்காவிடில் அந்தப் பள்ளம் 73,000 ஆகியிருக்கும்!

இந்த 25,000த்தை ஜனவரியிலேயே தாளில் கண்டுவிட்டால், வங்கியில் மிகைப்பற்று வசதி கேட்க நேரமிருக்கிறது. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் ஐம்பதாயிரம் வரை ஈட்டின்றிக் கடன் உண்டு. மாதம் ஒரு ரூபாய் வட்டி எனக் கொண்டாலும் மூன்று மாதத்திற்கு 750க்கு மிகாது. அதே தொகைக்கு ஐந்து வட்டியில் 3,750. ஏப்ரலில் விழித்துக்கொள்பவருக்கு வங்கி உதவ நேரமிராது.

தவணையாக வாங்குவதில் ஓர் இடர் உண்டு. சோமனூர்த் தறிகளில் பெரும்பாலும் ஓடுவது காடாத்துணி. சீருடைக்கான பாலியஸ்டர் கலப்புத் துணியில் பெரும்பகுதி இராஜஸ்தானத்துப் பில்வாராவிலிருந்து மொத்த வணிகர் வழியே வருகிறது. சாயத் தொகுதி மாறினால் நிறம் சற்றே மாறும். ஆகவே முதல் வாங்கலின் துணித்துண்டையும் நிற எண்ணையும் பாதுகாத்து, அடுத்த தவணையைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு வாங்குங்கள். இயன்றால் சிறு முன்பணம் கொடுத்து அதே தொகுதியை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: சத்துணவுத் திட்டத்திலுள்ள எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு அரசே சீருடை வழங்குகிறது. அவர்களை உங்கள் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். மூன்றாம் தவணைத் துணியை முன்பணம் வந்த அளவிற்கு மேல் வாங்க வேண்டா. மே நடுவில் முன்பணம் குறைந்திருந்தால் அதுவே எச்சரிக்கை.

ஆகஸ்டில் வந்த 95,000த்தில் முதல் ஐம்பதாயிரம் இலாபமன்று; அடுத்த மார்ச்சின் துணி. அதைப் பிப்ரவரியில் முதிரும் வைப்பாக வங்கியில் இடுங்கள். இலாபத்தில் ஆண்டுக்கு 12,500 சேர்த்துவந்தால், இரண்டே பருவங்களில் தொடக்க இருப்பு 75,000 ஆகும். அன்றைக்கு அந்த 25,000 பள்ளம் தூர்ந்துபோகும். மூன்றாம் ஆண்டு எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.