துணுக்கிற்கு ஒரு விலை



நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு வரை தந்தி என்றொரு வசதி இருந்தது. தந்தி அனுப்புவோர் சொற்களை எண்ணிக் கட்டணம் செலுத்துவர். ஆகவேதான் ‘தாய் கவலைக்கிடம், உடனே வருக’ என்று சுருங்க எழுதினர். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் ஏறக்குறைய அவ்வாறே கணக்கிடுகின்றன. ஆனால் அவை எண்ணுவது சொல்லை அன்று, சொல்லின் துணுக்கை. அதனை டோக்கன் என்பர். ஒரே கருத்தைச் சொல்ல எல்லா மொழிகளுக்கும் ஒரே அளவு துணுக்குகள் போதுவதில்லை. அதனால் விளைவது யாது என்பதையே இன்று உங்களுடன் ஆராய விழைகின்றேன்.

‘அம்மா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது மூன்றே எழுத்து. கணிப்பொறியோ அதனை அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், கால் என ஐந்து குறிகளாகச் சேமிக்கின்றது. இணையத்தில் பெருவழக்காக உள்ள குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் இடம் வேண்டும். ஆக, ‘அம்மா’வுக்கு 15 பைட். ஆங்கிலத்தில் தாயைக் குறிக்கும் ‘மதர்’ என்ற சொல்லுக்கு ஆறு எழுத்துகள். எழுத்துக்கு ஒரு பைட்டாக ஆறே பைட்.

இனித் துணுக்குகள் பிறக்கும் விதத்தைக் காண்போம். கருவியை உருவாக்குவோர் பெருந்திரளான நூல்களையும் பக்கங்களையும் திரட்டி, அவற்றில் அடிக்கடி அடுத்தடுத்து வரும் பைட்டுகளை ஒன்றாக இணைத்துக்கொண்டே செல்வர். மிகுதியாக வருவது விரைவில் ஒரே துணுக்காகிவிடும். அத்திரளில் ஆங்கிலமே மிகுதி. ஆதலால் பழகிய ஆங்கிலச் சொல் பெரும்பாலும் முழுதாக ஒரே துணுக்கில் அடங்கும். தமிழ் குறைவாகவே இருப்பதால் தமிழ்ச் சொல் பல சில்லுகளாகச் சிதறும். தமிழ் கடினமான மொழி என்பது இதற்குக் காரணமன்று. திரட்டப்பட்டதில் தமிழ் அருகியிருந்ததே காரணம்.

எண்களைக் கொண்டு இதனை அளந்தறியலாம். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் ஜி.பி.டி-4ஓ என்னும் கருவியை வெளியிட்டபோது, ஒரே அறிமுக வாசகத்தைப் பல மொழிகளில் எழுதி எண்ணிக் காட்டியது. அதன் பழைய முறையில் அவ்வாசகம் ஆங்கிலத்தில் 27 துணுக்கு, தமிழிலோ 116. ஆயிரம் துணுக்கு எல்லையென்று வைத்துக்கொண்டால், ஆங்கில மாணவன் அத்தகைய வாசகங்களை 37 முறை எழுதலாம். தமிழ் மாணவன் எட்டு முறையோடு நிறுத்த வேண்டும். புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35 என்றாயிற்று. இடைவெளி பெரிதும் குறைந்தது, ஆயினும் மறையவில்லை.

இச்சுமை யார் தலையில் விழுகின்றது? மாதக் கட்டணம் செலுத்துபவர் இதனை அவ்வளவாக உணரார். ஆனால் தம் பள்ளிக்கென ஒரு வினா விடைக் கருவி அமைக்க விரும்பும் ஆசிரியர் துணுக்குக் கணக்கில் பணம் கட்ட நேர்கின்றது. கருவி ஒரே சமயத்தில் நினைவில் கொள்ளக்கூடிய பகுதியும் துணுக்குகளாலேயே அளக்கப்படுவதால், நீண்ட தமிழ்ப் பாடத்தின் தொடக்கம் விரைவில் அதன் நினைவை விட்டு நழுவும். விடையும் துணுக்கு துணுக்காகவே பிறப்பதால், தமிழில் காத்திருப்பு நீளும். ஆங்கிலம் அறிந்த மாணவன் ஆங்கிலத்தில் வினவித் தப்பிக்கொள்வான். தமிழ் ஒன்றே அறிந்தவனுக்கு அவ்வழியும் இல்லை. பணம் குறைந்தவனும் பெரும்பாலும் அவனே அன்றோ!

அப்படியாயின், தமிழ்த் துணுக்குகளைப் பட்டியலில் நிறையச் சேர்த்துவிடலாமே என்று நீங்கள் வினவலாம். சேர்க்கலாம், அதற்கும் ஒரு விலை உண்டு. பட்டியல் நீள நீள அது கொள்ளும் நினைவகமும் பெருகும். பெரிய நிலையங்களின் கணிப்பொறிகளுக்கு அது பொருட்டன்று. இணையமின்றிச் சிறு கைப்பேசியில் இயங்கவேண்டிய கருவிக்கு அதுவே பெருஞ்சுமை. மலிவான கைப்பேசி வைத்திருப்பவன் இங்கும் பின்தங்குகின்றான்.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் பாடநூலின் ஒரு பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள். துணுக்குகளை எண்ணிக் காட்டும் பக்கங்கள் இணையத்தில் உள்ளன. இரண்டையும் அங்கே இட்டு, தமிழ் எண்ணை ஆங்கில எண்ணால் வகுத்துப் பாருங்கள். சொல்லுக்கு எத்தனை துணுக்கு என்று பார்த்தல் பிழை. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்று சொற்களாகும். ஒரே கருத்துக்கு எத்தனை என்றே ஒப்பிட வேண்டும். மற்றொன்றையும் மறவாதீர்கள்: துணுக்கு குறைந்தமை விடை செம்மையானது என்பதற்குச் சான்றாகாது; அதனைத் தனியே சோதிக்க வேண்டும்.

அவ்வாறு கிடைக்கும் ஈவு இரண்டு என்று வருமாயின், ஒரே கருத்திற்குத் தமிழ் மாணவன் இருமடங்கு செலுத்துகின்றான் என்பது பொருள். தந்தியின் நாளில் நாம் சொல்லைச் சுருக்கிக் காசு சேர்த்தோம். இங்கோ சுருக்கவேண்டியது நம் சொல்லன்று, அந்த ஈவே.