சாமியானா, ஸ்பீக்கர், சேர்: வாடகைச் சாமான்ல டெபாசிட் எங்க போகுது?

இன்னைக்கு எபிசோட் வாடகைச் சாமான் பத்தி. வீட்டுல வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள்னு எது வந்தாலும் நம்ம ஏரியா பந்தல் கடைக்கு ஒரு போன் போடுவோம். சேர், டேபிள், சாமியானா, ஸ்பீக்கர் எல்லாம் குட்டி யானையில வந்து இறங்கும். வாடகை எவ்வளவுன்னு கேட்டு, கொஞ்சம் பேரம் பேசி முடிச்சிடுவோம். ஆனா சண்டை வர்றது வாடகையில இல்ல. ஃபங்ஷன் முடிஞ்ச மறுநாள், டெபாசிட்டைத் திருப்பிக் கேக்கும்போதுதான்.

அதனால இன்னைக்கு ஒரே ஒரு வளைகாப்பை எடுத்துக்கிட்டு, சாமான் இறங்குறதுல இருந்து திரும்பப் போற வரைக்கும் காசு எங்கெங்க கழியுதுன்னு பாக்கலாம். இதுல வர்ற ரூபாய் எல்லாம் நான் கணக்குக்காகப் போட்டது. ரேட் கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும்.

சென்னையில ஒரு அபார்ட்மென்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில மொட்டை மாடியில வளைகாப்பு. 100 சேர், ஒண்ணு 10 ரூபாய்னு 1,000. பத்து டேபிள் 600. சாமியானா 2,500. ரெண்டு ஸ்பீக்கர், மைக், சின்ன மிக்சர் சேர்த்து 3,000. போக வர வண்டி 1,800. மொத்தம் 8,900 ரூபாய். இது போக டெபாசிட் 5,000. சாமான் ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்குத் திரும்பணும்னு பேச்சு.

இறக்கும்போது

முதல்ல கேக்க வேண்டிய கேள்வி: வண்டி வாடகைன்னா எதுவரைக்கும்? நிறைய கடையில அது கேட் வரைக்கும்தான். மாடிக்கு ஏத்துறது தனிக்கூலி. லிஃப்ட்ல சாமான் ஏத்த அசோசியேஷன் விடலைன்னா, நாலு மாடி படியேறித் தூக்கணும். அந்த இடத்துல நின்னு பேரம் பேசினா நமக்குத்தான் அவசரம், அவங்களுக்கு இல்ல. போன்லயே "மாடியில கொண்டுவந்து வச்சு, மாடியில இருந்தே எடுத்துக்கிற மாதிரி சொல்லுங்க"ன்னு கேட்டுடணும்.

அடுத்தது எண்ணிக்கை. சேர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி வரும். 100ன்னு சொல்லுவாங்க, நாமளும் தலையாட்டுவோம். எண்றதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. பத்துப் பத்தா அடுக்கி, அடுக்குகளைப் பக்கத்துப் பக்கத்துல வைங்க. எல்லாம் ஒரே உயரத்துல நிக்கணும். ஒண்ணு குறைஞ்சா கண்ணுக்கே தெரிஞ்சிடும். நம்ம வளைகாப்புல அப்படிப் பாத்தப்போ 97தான் இருந்துச்சு. சலான்ல 100ஐ அடிச்சிட்டு 97ன்னு எழுதி, வண்டில வந்த தம்பிகிட்ட கையெழுத்து வாங்கியாச்சு.

கூடவே ரெண்டு நிமிஷ வீடியோ. பிளாஸ்டிக் சேர் பொதுவா விரிசல் விடுற இடம், காலும் சீட்டும் சேர்ற முனை. அடுக்கைக் கவுத்தா அது தெரியும். இங்க ரெண்டு சேர்ல ஏற்கெனவே விரிசல் இருந்துச்சு. அதைப் படம் எடுத்து, கடை நம்பருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பி, அந்த ரெண்டையும் ஓரமா வச்சாச்சு. ஓரமா வைக்கிறது காசுக்காக மட்டும் இல்ல. பெரியவங்க யாராவது உக்காந்து விழுந்துட்டா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872ல 150வது பிரிவு இதைப் பேசுது. வாடகைக்குக் குடுத்த பொருள்ல இருக்கிற குறையால சேதம் வந்தா, குடுத்தவர் பொறுப்பு. அந்தக் குறை அவருக்குத் தெரியாதுன்னாலும் அவர்தான் பொறுப்பு.

ஸ்பீக்கருக்கு எண்ணிக்கை பத்தாது, ஓட்டிப் பாக்கணும். ஒரே பாட்டை, ஒரே அளவு சத்தத்துல, ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் தனித்தனியா போடுங்க. மேல இருக்கிற ஹாரன் போயிருந்தா பாட்டு போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி மந்தமா கேக்கும். கீழ இருக்கிற வூஃபர் போயிருந்தா வெறும் கீச்சுக் குரல்தான் வரும். திருப்பிக் குடுக்கும்போதும் அதே பாட்டை அவங்க முன்னாடி போட்டுக் காட்டுங்க.

இன்னொண்ணு. கடை ஆள் கூட இருந்து ஆப்பரேட் பண்றாரா, இல்ல சாமானை மட்டும் குடுத்துட்டுப் போறாங்களான்னு பாருங்க. ஆள் கூட இருந்தா மிக்சர் அவர் கையில. சாமான் மட்டும்னா, மச்சான் ஒருத்தன் வந்து மிக்சர்ல செவப்பு லைட் அணையாம எரிய எரிய சத்தத்தை ஏத்துவான். செவப்பு எரியுதுன்னா சிக்னல் வெட்டுப்பட்டுப் போகுதுன்னு அர்த்தம். ரொம்ப நேரம் அப்படியே ஓட்டினா ஹாரனும் வூஃபரும் சூடேறிக் கருகலாம். அந்தப் பில் நமக்குத்தான் வரும்.

கையில இருக்கும்போது

இப்போ ஒரு கேள்வி. சாமான் நம்ம வீட்டுல இருக்கும்போது ஏதாவது ஆனா, எல்லாத்துக்கும் நாமதான் பொறுப்பா?

இல்ல. அதே சட்டத்துல 151வது பிரிவு, சாதாரண விவேகம் உள்ள ஒரு ஆள் தன்னோட சொந்தப் பொருளை எப்படிப் பாத்துப்பாரோ, அப்படிப் பாத்துக்கணும்னு சொல்லுது. 152வது பிரிவு, அப்படிப் பாத்தும் சேதமானா, தனியா வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலைன்னா, வாங்கினவர் பொறுப்பு இல்லைன்னு சொல்லுது.

மதியம் 3 மணிக்கு திடீர்னு காத்து மழை, ஸ்பீக்கரை உடனே படிக்கட்டு ரூமுக்குள்ள தூக்கி வச்சுட்டீங்க, அதுக்குள்ள சாமியானா ஓரம் கிழிஞ்சிடுச்சுன்னு வைங்க. அது உங்க மேல விழ வேண்டிய செலவு இல்ல. சாமியானாவைக் கட்டினதே கடை ஆளுங்கதான்னா இன்னும் தெளிவு. ஆனா சாமியானா காலுக்குப் பக்கத்துல கற்பூரம் ஏத்தி ஓட்டை விழுந்தா, அது வேற கதை. பில்லுக்குப் பின்னாடி "எந்தச் சேதமானாலும் வாடிக்கையாளரே பொறுப்பு"ன்னு அச்சடிச்சிருந்தா, அதுதான் அந்தத் தனி ஒப்பந்தம்னு கடை வாதாடும். அதனால அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க.

மணி ஆறு

இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்த இடம்.

சாயங்காலம் 6 மணிக்கு வண்டி வந்துடுச்சு. சேரும் டேபிளும் ஏத்தியாச்சு. ஆனா மாடியில அந்தாக்ஷரி களை கட்டிடுச்சு. "சாமியானாவும் ஸ்பீக்கரும் இருக்கட்டும்பா, நாளைக்கு வந்து எடுத்துக்க"ன்னு மாமா சொல்லிட்டார். தம்பி ஓனர்கிட்ட கேக்கல, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். ராத்திரி பலத்த காத்து. சாமியானா கிழிஞ்சிடுச்சு. ஸ்பீக்கர் உள்ள இருந்ததால தப்பிச்சது.

நாம என்ன நினைப்போம்? லேட்டுன்னா ஒரு நாள் வாடகை கூட, அவ்வளவுதான்னு. அது பாதிதான். 161வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, நம்ம தப்பால சரியான நேரத்துல பொருளைத் திருப்பலைன்னா, அந்த நேரத்துல இருந்து வர்ற இழப்பு, அழிவு, தேய்மானம் எல்லாத்துக்கும் நாமதான் பொறுப்பு. மதியம் 3 மணிக் காத்துக்கு "நான் கவனமாத்தான் இருந்தேன்"ங்கிற பதில் செல்லும். ராத்திரி 11 மணிக் காத்துக்கு அது செல்லாது. நடுவுல மாறினது 6 மணி மட்டும்தான்.

இதுல இருந்து தப்பிக்கச் செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. 6 மணிக்கு முன்னாடியே ஓனருக்கு மெசேஜ் போடுங்க: "நாளை காலை 10 மணி வரை நேரம் நீட்டிக்க முடியுமா? எவ்வளவு?" அவர் சரின்னு பதில் போட்டா, திருப்ப வேண்டிய நேரமே 10 மணியா மாறிடும். வாடகை கொஞ்சம் கூடலாம், ஆனா லேட்டுங்கிற பேச்சே கிடையாது. மறுநாள் முகூர்த்த நாளா இருந்தா ஒத்துக்க மாட்டார். ஏன்னா அந்தச் சாமான் விடியற்காலையில வேற மண்டபத்துல நிக்கணும். இல்லைன்னா அவர் வெளிக்கடையில வாடகைக்கு எடுத்துக் குடுக்கணும்.

தலைகீழாவும் நடக்கும். எடுக்க வர்றேன்னு சொன்ன வண்டி வரவே இல்லைன்னா, அந்தத் தாமதம் உங்களது இல்ல. 6 மணிக்கு "சாமான் ரெடி, எடுத்துக்கலாம்"னு ஒரு மெசேஜ், அடுக்கி வச்சதுக்கு ஒரு போட்டோ. அது போதும்.

பில்

திங்கக்கிழமை கடை குடுத்த கணக்கு இது. 4 சேர் காணோம், 3 சேர் விரிசல், ஏழுக்கும் புதுச் சேர் விலை 600 வீதம் 4,200. சாமியானாவுக்கு 6,000. சாமியானா, ஸ்பீக்கர் ஒரு நாள் கூட இருந்ததுக்கு 5,500. மொத்தம் 15,700. டெபாசிட் போக இன்னும் 10,700 குடுங்கன்னு கேக்குறாங்க.

ஒண்ணொண்ணா பாப்போம். வந்ததே 97. கடைக்குத் திரும்பினது அவங்க பெயின்ட் குறி போட்ட 96. கூட ஒரு குறியில்லாத சேரும் போயிருக்கு. பின்பக்கம் இனிஷியல் எழுதியிருக்கும் பாத்திருப்பீங்க, அது இதுக்குத்தான். அசோசியேஷன் ரூம்ல தேடினா கடையோட சேர் அங்க இருக்கு. மாத்திக் குடுத்தாச்சு. காணாமப் போனது பூஜ்யம். வராத 3 சேருக்கு வாங்கின 30 ரூபாயும் நமக்குத் திரும்ப வரணும்.

விரிசல் மூணுல ரெண்டு காலையிலயே வீடியோவுல இருக்கு. மிச்சம் ஒண்ணு, 600. பழைய சேருக்குப் புது விலையான்னு கேக்கலாம், ஆனா ஒரு சேருக்காக நான் சண்டை போட மாட்டேன்.

சாமியானா நம்ம பொறுப்புதான். ஆனா 6,000ங்கிறது புதுசோட விலை. கிழிஞ்சது ஒரு தையல் ஓரம். 74வது பிரிவுப்படி, அபராதத் தொகையை முன்னாடியே எழுதி வச்சிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல போகாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். தைக்க 1,500 ஆகுதுன்னா 1,500.

கூடுதல் நாள் 5,500. இதுல பேச ஒண்ணும் இல்ல, பில்லுலயே எழுதியிருந்துச்சு.

600, 1,500, 5,500 கூட்டி, 30 கழிச்சா 7,570. டெபாசிட் போக 2,570. கேட்டது 10,700. அந்த வித்தியாசத்துக்கு வக்கீல் தேவைப்படல. சலான்ல ஒரு திருத்தம், ரெண்டு நிமிஷ வீடியோ, பெயின்ட் குறி, ஒரு தையல்காரர் ரேட். மிச்சம் 7,000 ரூபாய் அந்தாக்ஷரிக்கு ஆன செலவு. அதை மாமாகிட்ட எப்படிக் கேக்குறதுங்கிறதுக்கு மட்டும் எந்தச் சட்டத்துலயும் பிரிவு இல்ல.

உங்க ஏரியா கடையில "ஒரு நாள்"னா 24 மணி நேரமா, ஒரு ஃபங்ஷனான்னு கேட்டுப் பாத்துட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.