இரவல் நூலை மனக்கசப்பின்றித் திரும்பப் பெறுவது எப்படி?
(குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் நூல் இரவல் கொடுப்பது சாதாரணமான ஒன்று. பிளஸ் டூ முடித்த பிள்ளையின் கைடு அடுத்த வீட்டுக்குப் போகிறது. நான்கு பாகம் உள்ள ஒரு தஃப்ஸீரில் இரண்டாம் பாகம் மட்டும் நண்பர் வீட்டுக்குப் போகிறது. போன நூல் வரவில்லை என்றால் கேட்கச் சங்கடம், கேட்காமல் இருந்தால் மனதில் உறுத்தல். வாங்கியவரும் "இத்தனை மாதம் வைத்துவிட்டோமே" என்று கூச்சப்பட்டு, நம்மைக் கண்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். கடைசியில் நூலோடு நட்பும் கொஞ்சம் தேய்ந்துவிடுகிறது.

வாங்கியவர்களில் பெரும்பாலோர் வேண்டுமென்று வைத்துக்கொள்வதில்லை. எப்போது தருவது என்று யாரும் பேசவே இல்லை என்பதுதான் காரணம். "படிச்சிட்டு மெதுவா தாங்க" என்று நாமே சொல்லி அனுப்புகிறோம். பிறகு எந்த நாளில் கேட்டாலும் அது திடீரென்று கேட்டது போலவே இருக்கும். கொடுக்கும்போதே இருவரும் ஒரு நாளை ஒப்புக்கொண்டிருந்தால், பின்னால் கேட்பது அந்த நாளை நினைவூட்டுவது மட்டும்தான். அதில் சந்தேகமும் இல்லை, குறையும் இல்லை.

கேட்பது தவறோ என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. இரவல் பொருளின் உரிமை கொடுத்தவரிடமே இருக்கிறது. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் கொடுத்தவர் விரும்பும்போது திருப்பிக் கேட்கலாம் என்பதே பொதுவான சட்டம். எழுதி வைப்பதும் நமக்குப் புதிதல்ல. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, தவணை வைத்த கடனைச் சிறிதானாலும் பெரிதானாலும் சலிப்படையாமல் எழுதிக்கொள்ளச் சொல்கிறது. அது கடனைப் பற்றிய வசனம்தான். ஆனாலும் எழுதிக்கொள்வது அவநம்பிக்கையின் அடையாளமல்ல என்பதை அதிலிருந்து நாம் புரிந்துகொள்ளலாம்.

இனி செய்முறைக்கு வருவோம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஐந்து கட்டம் போடுங்கள்: கொடுத்த நாள், நூலின் பெயர், வாங்கியவர், திரும்ப வர வேண்டிய நாள், வந்த நாள். பாகம் பாகமாக உள்ள நூல் என்றால் எந்தப் பாகம் என்பதையும் எழுதுங்கள். நோட்டை அலமாரியில், நூல்களோடு வையுங்கள். வேறு இடத்தில் இருந்தால் அவசரத்தில் எழுத மறந்துவிடும்.

வாங்குபவரின் முன்னாலேயே எழுதுங்கள். "எவ்வளவு நாள் வேணும்?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொன்ன நாள் அவருக்கே நினைவிருக்கும். முன் அட்டையின் உட்புறத்தில் உங்கள் பெயரும் போன் எண்ணும் இருக்கட்டும். உள்ளேயும் ஒரு பக்கத்தில், எல்லா நூலிலும் ஒரே பக்கமாக, உதாரணமாக 25ஆம் பக்கத்தில், பெயர் எழுதுங்கள். நூலகங்களிலும் இப்படி உட்பக்கத்தில் முத்திரை போடுவார்கள். பள்ளிப் பாடநூல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அட்டை கிழிந்துபோனாலும் யாருடையது என்று இதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, அட்டையைப் போனில் படம் எடுத்து, அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். படத்தின் கீழே நாளை மட்டும் எழுதினால் போதும். இப்போது உங்கள் நோட்டில் இருக்கும் விவரம் அவர் கையிலும் இருக்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஜூன் 5 அன்று ஒரு சகோதரி, தெருவிலுள்ள லாத்தாவுக்கு ஸீரா நூல் ஒன்றைக் கொடுக்கிறார். லாத்தா ஒரு மாதம் கேட்கிறார். நோட்டில் ஜூலை 5 என்று எழுதுகிறார்கள், படமும் போகிறது.

முதல் நினைவூட்டல் நாள் முடிவதற்கு முன்பே போக வேண்டும். ஜூலை 2 அன்று அந்தப் பழைய படத்துக்கே பதிலாக இப்படி அனுப்பலாம்: "அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா, படிச்சு முடிச்சிட்டீங்களா? இன்னும் நாள் வேணும்னா சொல்லுங்க, நோட்டுல மாத்திக்கிறேன்." நாள் தாண்டுவதற்கு முன் வருவதால் லாத்தா தவறு செய்தவராக இல்லை. படமும் நாளும் மேலேயே இருப்பதால் எந்த நூல், எப்போது என்று விளக்கவும் வேண்டாம். அவர் இரண்டு வாரம் கேட்டால் ஜூலை 19 என்று திருத்துங்கள்.

அதுவும் கடந்து நூல் வரவில்லை என்றால், இரண்டு மூன்று நாள் விட்டு இரண்டாவது செய்தி. பலர் நூலை வைத்துக்கொள்வது பாதியில் நின்றுவிட்டதால்தான். முடிக்காமல் தருவதற்குக் கூச்சம். அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள்: "முடிக்கலைன்னாலும் பரவாயில்லை லாத்தா, அப்புறம் திரும்ப வாங்கிக்கலாம். நாளைக்கு அஸருக்குப் பிறகு தம்பியை அனுப்பட்டுமா?" இப்படிக் கேட்டால் அவர் எடுத்து வைத்தால் போதும். "எப்ப தருவீங்க?" என்று கேட்டால் பதில் "பார்த்துத் தரேன்" என்றுதான் வரும்.

அதன் பிறகும் வரவில்லை என்றால் எழுதாதீர்கள். தனியாகப் பார்த்து நேரில் கேளுங்கள். குடும்பக் குரூப்பில் போடுவதும், கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் கேட்பதும், அவர் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவதும் வேண்டாம். நூல் வந்தாலும் மனம் போய்விடும். இல்லாத காரணத்தைச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம். "என் மச்சி கேட்கிறாள்" என்று சொன்னால், ஒருநாள் மச்சியே அங்கு போய் நிற்பார். "எனக்கு வேணும்" என்பதே போதுமான காரணம்.

சில நேரம் நூல் மூன்றாம் கைக்குப் போயிருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில், உரியவரின் அனுமதியில்லாமல் இரவல் பொருளை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கக் கூடாது. ஆனால் மூன்றாமவரிடம் நீங்கள் போய் நிற்காதீர்கள். வாங்கியவரே பெற்றுத் தரட்டும். நூல் தொலைந்துவிட்டால் ஈடு கொடுக்க வேண்டுமா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். வாங்கியவர் தாமாகவே வேறு பிரதி வாங்கித் தர முன்வந்தால், தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் மனபாரம் இறங்கும்.

ஒரு வரம்பும் வேண்டும். வாப்பா குறிப்பு எழுதிய நூல், மறுபடி அச்சில் வராத பழைய அரபுத்தமிழ் நூல் போன்றவற்றை வெளியே அனுப்ப வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள், தேவையான பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த எழுத்தும் எந்த நினைவூட்டலும் இவற்றை ஈடு செய்யாது.

வருடத்தில் இரண்டு முறை நோட்டைப் புரட்டுங்கள். பள்ளி திறக்கும் முன் ஒருமுறை, ரமளானுக்கு முன் வீடு ஒதுக்கும்போது ஒருமுறை. அப்போது அலமாரியில் இருக்கும் பிறர் நூல்களையும் பாருங்கள். அவற்றை முதலில் உரிய வீட்டில் சேர்த்துவிட்டு, பிறகு உங்கள் நூல்களைக் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.