விடிந்தும் இறங்காத போதை

திங்கட்கிழமை விடியற்காலையில் மாசாய்ச் சாலைகள் சீக்கிரமே விழித்துவிடும். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் விரைகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்தக் கூட்டத்தில், முந்தின இரவு கல்யாண விருந்திலோ பிறந்தநாள் விருந்திலோ நன்றாகக் குடித்துவிட்டு, ஐந்து மணி நேரம் தூங்கி, குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வண்டியை எடுத்தவரும் இருப்பார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர் என்று யாராவது அவரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். குடித்தது நேற்று, ஓட்டுவது இன்று என்பது அவர் கணக்கு. அவருடைய இரத்தம் வைத்திருக்கும் கணக்கு வேறு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரை நான்கு பெரிய போத்தல் பியர் குடிக்கிறார். 640 மில்லிலிட்டர் போத்தலில் ஐந்து விழுக்காடு மது என்றால், ஒரு போத்தலில் சுமார் 25 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. நான்கு போத்தலுக்கு 100 கிராம். ஆல்கஹால் உடம்பில் உள்ள நீரில்தான் பரவும். அவர் உடம்பில் அது பரவ இருக்கும் இடம் ஏறத்தாழ 48 கிலோ. ஆகவே அத்தனையும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் நின்றால், 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 210 மில்லிகிராம் வரும். அது முழுதாக நிற்பதில்லை. முதல் கிளாஸ் உள்ளே போனதிலிருந்தே கல்லீரல் அதை எரிக்கத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு வேகத்தில் எரிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க் 1932-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இன்றுவரை இந்தக் கணக்கின் அடிப்படை மாறவில்லை. கல்லீரல் ஆல்கஹாலை ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில் எரிக்கிறது. நிறையக் குடித்தோமே என்று அது வேகம் கூட்டுவதில்லை. பெரும்பாலோருக்கு மணிக்கு 15 மில்லிகிராம் குறையும். மெதுவான உடம்பென்றால் 10, வேகமான உடம்பென்றால் 20 என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது நம் மனிதரின் இரவைத் திரும்பப் பாருங்கள். ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒன்பது மணி நேரம். 135 மில்லிகிராம் போய்விட்டது, இன்னும் 75 இருக்கிறது. மலேசியச் சட்டம் அனுமதிக்கும் அளவு 50. அவர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கும்போது மணி ஏழு நாற்பது ஆகியிருக்கும். இரத்தம் முழுவதும் தெளியும்போது காலை பதினொன்று. அவர் மெதுவான உடம்புக்காரராக இருந்தால் காலை ஆறு மணிக்கு 120 இருக்கும், மதியம் ஒரு மணிக்குத்தான் 50-க்கு வருவார். தனக்கு எந்த வேகம் என்று பார்த்துச் சொல்ல அவருக்கு வழி எதுவும் இல்லை. பெண்களுக்கு உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே போத்தல் இன்னும் அதிக அளவைக் காட்டும்.

அந்த 50 என்ற அளவு 2020 அக்டோபர் 23 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 80 ஆக இருந்தது. மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்த வரம்பு அப்போது 22 ஆனது. பழைய வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டே இன்னும் குடிக்கிறவர்கள் உண்டு. சிங்கப்பூரில் இன்றும் 80-தான். அதனால் ஒரு விபரீதம் நடக்கிறது. காலை ஆறு மணிக்கு 75 மில்லிகிராமோடு பாலம் தாண்டுகிறவர் அக்கரையின் வரம்புக்குக் கீழே இருக்கிறார், இக்கரையில் மாசாயிலிருந்து பாலம் வரை ஓட்டி வந்த வழி முழுவதும் குற்றவாளி. முதல் முறை பிடிபட்டாலே அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 30,000 வரை போகும், இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு, லைசென்ஸும் குறைந்தது இரண்டு ஆண்டுக்குப் போய்விடும். எப்போது குடித்தாய் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. ஓட்டும் நேரத்தில் உடம்பில் எவ்வளவு இருந்தது என்பதை மட்டும்தான் கேட்கிறது.

"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, தெளிவாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்வீர்கள். உண்மைதான், தெளிவாக இருப்பதுபோலத்தான் தோன்றும். இதன் காரணத்தை 1919-இலேயே எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேய மருத்துவ அறிஞர் நாய்களிடம் சோதித்துக் கண்டார். இரத்தத்தில் அதே அளவு மது இருந்தாலும், அளவு ஏறும்போது தள்ளாட்டம் அதிகமாகவும் இறங்கும்போது குறைவாகவும் தெரிந்தது. மனிதர்களிடம் பின்னால் நடந்த சோதனைகள் இன்னும் கவலைக்குரிய ஒன்றைக் காட்டின. இறங்கும் நேரத்தில் போதை உணர்வு முதலில் விலகிவிடுகிறது. கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை, திடீரென்று பிரேக் பிடிக்கும் நிதானம், இவை அந்த வேகத்தில் திரும்பி வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு 135-இல் இருந்தவருக்குக் காலையில் 75 என்பது பெரிய நிம்மதியாகத் தோன்றும். அவர் தன்னை நேற்றைய நிலையோடு ஒப்பிடுகிறார், குடிக்காத நிலையோடு ஒப்பிடவில்லை. தூக்கமும் இந்த ஏமாற்றத்துக்குத் துணை போகிறது. தூங்கி எழுந்தால் ஒரு நாள் முடிந்து இன்னொரு நாள் பிறந்ததுபோல மனத்துக்குப் படும். கல்லீரலுக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. மது கொடுக்கும் தூக்கத்தின் பின்பாதி கலைந்த தூக்கமாக இருப்பதால், களைப்பும் அந்த 75-ஓடு சேர்ந்துகொள்கிறது.

காலையில் கோப்பி, பச்சைத் தண்ணீரில் குளியல், வியர்க்க ஓட்டம், சூடாக ரொட்டி சானாய் என்று ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். கோப்பி தூக்கத்தைக் கலைக்கும், மதுவைக் குறைக்காது. வியர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றும் சேர்ந்து வெளியேற்றுவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. மீதியை எல்லாம் கல்லீரல்தான் எரிக்க வேண்டும். சாப்பாடு குடிப்பதற்கு முன் வயிற்றில் இருந்தால் ஏற்றத்தைத் தாமதப்படுத்தும், காலையில் சாப்பிட்டால் இரத்தத்தில் இருப்பதைத் தொடாது. "நான் பழகினவன்" என்று சொல்கிறவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. நாள்பட்டுக் குடிக்கிறவர்களின் கல்லீரல் கொஞ்சம் வேகமாகவே எரிக்கும். ஆனால் அவர்கள் குடிப்பதும் கூடுதல். கல்லீரல் கெடத் தொடங்கிவிட்டால் அந்த வேகமும் போய்விடும்.

மிகவும் நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு: வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே. அதனால்தான் முடிவைக் காலையில் எடுக்காமல் முந்தின மாலையே எடுக்கச் சொல்கிறேன். எழுபது கிலோ ஆணுக்கு ஒரு பெரிய போத்தலுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான உடம்பையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. எண்ணுவதை முதல் கிளாஸிலிருந்து தொடங்குங்கள். இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்துக் காலை ஆறுக்கு வண்டி எடுக்கிறவருக்கு, இரண்டாவது போத்தலுக்கே நேரம் போதாது. வீட்டில் அளக்காமல் ஊற்றிய விஸ்கிக்கு எந்தக் கணக்கும் செல்லாது. அன்றிரவு ஒரு போத்தலைத் தாண்டப் போகிறீர்கள் என்று தெரிந்தால், குடிக்க உட்காரும் முன்பே சக தொழிலாளி ஒருவருக்கு போன் போட்டு, காலையில் அவர் வண்டியிலோ கம்பெனி பஸ்ஸிலோ இடம் கேட்டுவையுங்கள். உங்கள் வண்டிச் சாவியை அந்த ஐந்து மணி நேரக் கணக்கு முடியும் வரை வீட்டில் கொடுத்துவையுங்கள்.