வண்டி கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது
(சட்ட உதவிக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



"அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் பலி." பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். நம் பக்கத்தில் கங்கைகொண்டானிலிருந்து வள்ளியூர் வரை நான்கு வழிச்சாலை போகிறது. பேட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் சாலையில் ராத்திரியும் லோடு வண்டிகள் ஓய்வதில்லை. சுப்ஹு தொழுகைக்கு இருட்டில் நடந்து போகிறவர், கடை சாத்திவிட்டு டிவிஎஸ் 50-ல் வீட்டுக்குத் திரும்புகிறவர் என்று அடிபடுகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால், "நம்பரே தெரியாது, யார் மேலே கேஸ் போடுறது?" என்று குடும்பம் விஷயத்தை அதோடு விட்டுவிடுகிறது.

அப்படி விட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. எவ்வளவு முயன்றும் வாகனம் எதுவென்று தெரியவில்லை என்றால், இறந்தவரின் வாரிசுகளுக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50 ஆயிரம் ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன்னால் இறப்புக்கு 25 ஆயிரம், காயத்துக்கு 12,500 என்றுதான் இருந்தது. தப்பு யார் பேரில் என்று இதில் விவாதம் கிடையாது. கோர்ட்டுக்கும் போக வேண்டாம்.

ஆனால் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? இந்தக் கணக்கு சுப்ரீம் கோர்ட்டிலேயே பேசப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், 2024 ஜனவரி 12 அன்று நீதிபதிகள் ஒரு உத்தரவு போட்டார்கள். 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இப்படி 67,387 விபத்துகள். 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205. அதிலும் பணம் கொடுக்கப்பட்டது 95 பேருக்கு. லட்சக்கணக்கில் அல்ல, நூற்றுக்கணக்கில்கூட இல்லை.

சட்டம் தெரியாதது ஒரு காரணம். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. முதல் நாளே நாம் கையால் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். அதை ஒரு உதாரணம் வைத்தே சொல்கிறேன்.

மேலப்பாளையத்துக்காரர் ஒருவர், வயது 58 என்று வைத்துக்கொள்வோம். தன் டிவிஎஸ் 50-ல் பத்தமடைக்குப் பாய் எடுக்கப் போகிறார். விடியற்காலை, பத்தமடைக்குச் சற்று முன்னால், பின்னாலிருந்து வந்த ஒரு வண்டி இடித்துவிட்டுப் போய்விடுகிறது. அவ்வழியே வந்தவர்கள் 108-ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள்: "என்னாச்சு?" அதற்கு நாம் சொல்லும் பதில் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும். இதைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். "அடையாளம் தெரியாத வாகனம் மோதியது" என்று, இடத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலர் போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து "வண்டியிலிருந்து தானா விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் இது இன்னும் அதிகம். தானாக விழுந்தவருக்கு 161-ஆவது பிரிவில் ஒரு பைசா கிடையாது. பத்து நாள் கழித்து மாற்றிச் சொன்னால், பணத்துக்காகச் சொல்கிறார்கள் என்றுதான் அதிகாரி நினைப்பார். விபத்து என்று சொன்னால் சிகிச்சை கிடைக்காது என்ற பயமும் தேவையில்லை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இப்படி அடிபட்டவர்களுக்காகத்தான்.

அடுத்தது புகார். விபத்து நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே கொடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது பத்தமடை. மேலப்பாளையம் ஸ்டேஷன் அல்ல. மனு ரசீது வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். பதிவாகி, அதன் நகல் கையில் இருக்க வேண்டும். மனு ரசீதை வைத்து இந்த நிதியைக் கேட்க முடியாது.

கூடவே எழுத்தில் ஒரு கோரிக்கை வையுங்கள்: வழியில் உள்ள கடைகள், பெட்ரோல் பங்குகள், சோதனைச்சாவடி, டோல்கேட் இவற்றின் கேமரா பதிவுகளை உடனே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கடைக் கேமராக்களில் பழைய பதிவு மேல் புதிய பதிவு ஏறிவிடும். சில நாட்களில் காட்சி இருக்காது. ரோட்டில் கிடக்கும் உடைந்த கண்ணாடி, பெயிண்ட் துண்டுகளையும் போலீஸ் வருமுன் யாரும் பெருக்கித் தள்ள வேண்டாம். வண்டி கிடைத்துவிட்டால் விபத்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கிற இழப்பீடு வேறு. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு வரும் தொகை அது. 2 லட்சம் அதன் பக்கத்தில் நிற்காது. ஆகவே வண்டியைத் தேடுவதைக் கைவிட்டுவிட்டு இந்த நிதிக்கு ஓடக் கூடாது.

இப்போது கஷ்டமான பேச்சுக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் மூன்றாம் நாள் மவுத்தாகிவிடுகிறார். அல்லது, டாக்டர்கள் கைவிரித்துவிட, "கடைசி மூச்சு வீட்டிலேயே போகட்டும்" என்று குடும்பம் அழைத்துவந்து, பத்து நாள் கழித்து வீட்டில் மவுத்தாகிறார். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது, மையித்தை அறுக்கவும் கூடாது என்ற தவிப்பில் போஸ்ட்மார்ட்டம் இல்லாமலே அடக்கிவிடுகிறோம். அந்தத் தவிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். என் சொந்தக்காரர்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து முடிவெடுங்கள். எஃப்.ஐ.ஆரில் காயம் என்றுதான் இருக்கும். இறப்பு அந்த விபத்தால்தான் என்று காட்ட ஒரு காகிதமும் இருக்காது. 2 லட்சத்துக்குரிய குடும்பம் 50 ஆயிரத்துக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு வந்துவிடும். வீட்டில் இறந்தாலும் அடக்கும் முன் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வழக்கின் பிரிவை மாற்றி, பிரேத பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஒருவர் கூடப் போய் நின்றால் வேலை சீக்கிரம் முடியும்.

எஃப்.ஐ.ஆர். போட்டு ஒரு மாதம் ஆகியும் வண்டி தெரியவில்லை என்று வையுங்கள். அப்போது 161-ஆவது பிரிவில் இழப்பீடு கேட்கலாம் என்று போலீஸே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்ற அதிகாரியின் விவரமும் அதில் இருக்க வேண்டும். இது நான் சொன்ன சுப்ரீம் கோர்ட் உத்தரவு. கடிதம் வராவிட்டால் அந்த உத்தரவின் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். தேதியோடு கேட்டால் பதில் சொல்லும் விதமே மாறும்.

விண்ணப்பம் வருவாய்த் துறைக்குப் போகிறது. இங்கேதான் பலர் தவறான வாசலில் நிற்கிறார்கள். இன்சூரன்ஸ் ஆபீஸுக்கோ ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் கொடுக்கிற இடத்துக்கோ அல்ல. விபத்து நடந்த தாலுகாவுக்குரிய கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம். நம் பெரியவர் வீடு பாளையங்கோட்டை தாலுகா, ஆனால் விபத்து பத்தமடைப் பக்கம். எனவே சேரன்மகாதேவி. படிவம் 1-ஐ நிரப்பி, எஃப்.ஐ.ஆர். நகல், பிரேத பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, இறந்தவர் மற்றும் விண்ணப்பிப்பவரின் ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆஸ்பத்திரி பில் இவற்றை வைக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். அதை முன்னமே வாங்கிவிடுங்கள். பிற்பாடு வண்டி கிடைத்து வேறு இழப்பீடு வந்தால் இந்தத் தொகையைத் திருப்பித் தருவேன் என்று ஒரு உறுதிமொழியும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து கையெழுத்துப் போடாமல் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே விபத்துக்கு இரண்டு இடத்தில் வாங்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் பொருள்.

மனைவி இத்தாவில் இருக்கிறாரே, எப்படி ஆபீஸுக்கு வருவார் என்று கேட்பார்கள். வயது வந்த மகனும் மகளும் வாரிசுகள்தான். அவர்களில் ஒருவர் விண்ணப்பிக்கலாம்.

அதிகாரி விசாரித்து ஒரு மாதத்துக்குள் கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கலெக்டர் 15 நாளில் உத்தரவிட வேண்டும். அடுத்த 15 நாளில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் பணத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும். விதிப்படி இரண்டு மாதம். நடைமுறையில் இழுத்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். இந்த விண்ணப்பங்களைக் கவனிக்கும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அதன் செயலாளரும் ஒருவர். கட்டணம் இல்லை. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

காயம்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கொடுங்காயம்' என்றதும் கை கால் போனால்தான் என்று நினைக்கிறார்கள். எலும்பு முறிந்தாலும், மூட்டு விலகினாலும், பல் உடைந்தாலும் சட்டப்படி அது கொடுங்காயம்தான். எக்ஸ்ரேயையும் டாக்டரின் காயச் சான்றையும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. நம் பெரியவர் ஓட்டியது சொந்த வண்டி. ஆர்.சி. புத்தகம் அவர் பேரில், இன்சூரன்ஸ் நடப்பில், லைசென்சும் இருந்தது என்றால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒரு வரி, அதற்குத் தனிப் பிரீமியம் கட்டியிருப்பதாக இருக்கும். இருந்தால் இறப்புக்கு 15 லட்சம். இடித்தவன் யார் என்பது இதற்குத் தேவையே இல்லை. இது 2 லட்சத்துக்குப் பதிலாக அல்ல, தனி ஒப்பந்தம். லைசென்ஸ் காலாவதியாகி இருந்தாலோ, வண்டி இன்னும் பழைய ஓனர் பேரிலேயே ஓடிக்கொண்டிருந்தாலோ இது போய்விடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பேர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. வங்கியில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா என்று பாஸ்புக்கையும் பாருங்கள். அதில் இறப்புக்கு 2 லட்சம்.

கடைசியாக, ஆஸ்பத்திரி வாசலிலேயே சிலர் வருவார்கள். "2 லட்சம் என்ன பெரிய காசு, இன்சூரன்ஸ் உள்ள ஒரு வண்டியை செட் பண்ணித் தாரோம், 20 லட்சம் வாங்கலாம், எங்களுக்குப் பாதி" என்பார்கள். எஃப்.ஐ.ஆரில் நம்பர் இல்லை, ஏ.ஆர். காப்பியில் நம்பர் இல்லை, இரண்டு மாதம் கழித்து ஒரு சாட்சி நம்பரோடு வந்து நிற்கிறான் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணையாளர் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மனு தள்ளுபடியாகும், பொய் வழக்கு என்று குடும்பத்தின் மேலேயே குற்ற வழக்கு வரும், நேர்மையாகக் கிடைக்க வேண்டிய 2 லட்சமும் சந்தேகத்தில் சிக்கும். அப்படி வருகிறவர்களிடம் ஆதார் நகலையோ வெற்றுத்தாளில் கையெழுத்தையோ கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக வந்து பாருங்கள்.