கடைக்கும் இணையப் பக்கத்துக்கும் ஒரே விலை
(உழவர்களுக்கான நேரடி விற்பனைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நிலக்கடலையைச் செக்கில் ஆட்டி, எண்ணெயாக்கி, தங்கள் சொந்தக் கடையிலேயே விற்கும் உழவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தங்கள் பெயரிலேயே ஓர் இணையப் பக்கம் வைத்து, வெளியூர்களுக்குக் கூரியர் மூலம் எண்ணெய் அனுப்பியும் வருகிறார்கள். கடையும் நம்முடையது, பக்கமும் நம்முடையது, செக்கும் ஒன்றே. இருந்தும் இரண்டு இடத்திலும் விலை வேறுபடுவதால், ஆண்டுக்கணக்காக நம்மிடம் வாங்கி வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். இந்த வேறுபாடு எப்படி வந்து சேருகிறது, அதை எப்படித் தவிர்ப்பது என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

ஓர் உழவரை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க நான் சொல்லும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையை அவற்றின் இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கடையில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாட்டில் 280 ரூபாய். இணையப் பக்கத்தில் 'அனுப்பும் செலவு இலவசம்' என்று எழுதி, அதே பாட்டிலுக்கு 340 ரூபாய் போட்டிருக்கிறார். சென்னையில் இருக்கும் ஒருவர் ஓராண்டாக மாதந்தோறும் ஐந்து லிட்டர் இந்தப் பக்கத்தில் வாங்குகிறார். பொங்கலுக்கு ஊர்ப்பக்கம் வந்தவர் கடைக்குள் நுழைகிறார். விலைப்பலகையில் 280 என்று இருக்கிறது. அவர் மனத்தில் என்ன கணக்கு ஓடும்? மாதம் 300 ரூபாய் வீதம், ஓராண்டில் 3,600 ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டோம் என்றுதான் ஓடும். 'இலவசம் என்றுதானே போட்டிருந்தீர்கள்?' என்று அவர் கேட்டால், நம் உழவரிடம் பதில் இருக்காது.

இலவசம் என்பதில் உள்ள சிக்கல்

நம் உழவர் ஏமாற்ற நினைக்கவில்லை. பெட்டிச் செலவையும் கூரியர் செலவையும் விலைக்குள் சேர்த்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் செலவு பாட்டில் எண்ணிக்கைப்படி ஏறுவதில்லை. ஒரு லிட்டர் அனுப்ப அட்டைப்பெட்டிக்கு 15 ரூபாய், கூரியருக்கு 65 ரூபாய், ஆக 80 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் விலையில் சேர்த்ததோ 60 ரூபாய். எனவே 20 ரூபாய் நட்டம். ஐந்து லிட்டரை ஒரே பெட்டியில் அனுப்பினால் பெட்டிக்கு 40, கூரியருக்கு 170, ஆக 210 ரூபாய். அவர் வசூலித்ததோ 300 ரூபாய். 90 ரூபாய் மிகுதி. அதாவது, எப்போதாவது ஒரு பாட்டில் வாங்குகிறவருக்கு ஆகும் செலவை, மாதந்தோறும் ஐந்து பாட்டில் வாங்கும் நல்ல வாடிக்கையாளர் தலையில் ஏற்றியிருக்கிறோம். யாரை இழக்கக் கூடாதோ அவரிடம்தான் கூடுதலாக வாங்கியிருக்கிறோம்.

ஆகவே கடைப்பிடிக்க வேண்டிய முறை இதுதான். எண்ணெயின் விலை இரண்டு இடத்திலும் ஒன்றே. அனுப்பும் செலவு தனி வரியில். சென்னைக்காரரின் பில்லில் எண்ணெய் 5 லிட்டர் 1,400 ரூபாய், பெட்டியும் கூரியரும் 210 ரூபாய், மொத்தம் 1,610 ரூபாய் என்று இருக்கட்டும். அவர் கடைக்கு வந்து 280 என்பதைப் பார்த்தாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. 210 ரூபாய் எதற்கு என்பது அவருக்கு முன்பே தெரியும். கடைக்கு வந்தே வாங்கிக்கொள்ளலாமா, வீட்டுக்கு வரவழைக்கலாமா என்று தீர்மானிப்பது அவர் விருப்பம்.

எந்தச் செலவைத் தனியே காட்டுவது, எதை விலைக்குள் வைப்பது என்ற கேள்வி எழும். இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. பொருளை அந்த வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டு சேர்க்க ஆகும் செலவு அவருடையது. விற்பனை செய்ய ஆகும் செலவு நம்முடையது. கடைக்கு வாடகை, விற்பனையாளருக்குச் சம்பளம் இருப்பதுபோல, இணையப் பக்கத்துக்குப் பணம் பெறும் நிறுவனத்தின் கட்டணம் இருக்கிறது. அட்டை வழியாக வரும் பணத்துக்கு அது பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இவை இரண்டையும் கூட்டி, மொத்த விற்பனைக்கும் பங்கிட்டு, அந்த ஒரே விலைக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது

பாட்டிலில் அடைத்து விற்கும்போது, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையை அதன்மேல் அச்சிட வேண்டும். சட்டமுறை எடையளவுத் துறையின் சிப்பமிட்ட பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. 280 என்று அச்சிட்ட பாட்டிலைப் பக்கத்தில் 340 என்று விற்பது குற்றமாகும். சரி, கடைக்கு 280 என்றும் பக்கத்துக்கு 340 என்றும் இரண்டு வகைச் சீட்டு ஒட்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே பொருளுக்கு அப்படி இரண்டு அதிகபட்ச விலை போடுவதைத் தடுக்கும் திருத்தம் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இணைய விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும், மொத்தத் தொகையையும், அதில் பொருளின் விலை எவ்வளவு, அனுப்பும் செலவு எவ்வளவு என்பதையும் பிரித்துக் காட்டச் சொல்கின்றன. ஆகவே மேலே சொன்ன தனி வரி முறை சட்டத்துக்கும் பொருந்துகிறது.

லிட்டரும் கிலோவும்

அடுத்து, விலை ஒன்றாக இருந்தும் வேறாகத் தோன்றும் ஓர் இடம். கடையில் லிட்டர் கணக்கில் விற்பார்கள். பக்கத்தைத் தயாரித்துக் கொடுத்தவர் 'ஒரு கிலோ' என்று போட்டிருப்பார். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். லிட்டர் 280 ரூபாய் என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 308 ரூபாய் ஆகும். கடையில் 280, பக்கத்தில் 308 என்று பார்க்கிறவர் 28 ரூபாய் கூட்டி விற்கிறார்கள் என்றே நினைப்பார். இரண்டிலும் 280 என்று போட்டாலோ, கிலோ வாங்குகிறவர் அதிக எண்ணெய் பெறுகிறார், லிட்டர் வாங்கும் உள்ளூர்க்காரர் குறைவாகப் பெறுகிறார். எனவே இரண்டு இடத்திலும் ஒரே அளவைப் பயன்படுத்துங்கள்.

விலை மாறும் நாள்

பெரும்பாலான குழப்பம் விலை மாறும்போதுதான் வருகிறது. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ கடலைப்பருப்பு வேண்டும். பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் எண்ணெயின் அடக்கவிலை லிட்டருக்கு 25 ரூபாய் ஏறுகிறது. நம் உழவர் 280ஐ 305 ஆக்க முடிவு செய்கிறார். காலையில் விலைப்பலகையை அழித்து எழுதிவிடுகிறார். பக்கத்தை மாற்றத் தெரிந்த மகன் வெளியூரில் இருக்கிறான். நான்கு நாள் பக்கத்தில் 280 என்றே நிற்கிறது. கடையில் 305 கொடுத்து வாங்கிச் சென்ற அம்மாள், மருமகள் கைப்பேசியில் 280 என்று காட்டியதும் மறுநாள் பாட்டிலோடு வந்து நிற்கிறார்.

இதைத் தவிர்க்க, விலையை நாளைப் பார்த்து மாற்றாமல் இருப்பைப் பார்த்து மாற்றுங்கள். 280 என்று அச்சிட்ட பாட்டில்கள் இன்னும் 40 இருக்கின்றன என்றால், அவற்றை எப்படியும் 280க்கு மேல் விற்க முடியாது. அவை தீரும்வரை இரண்டு இடத்திலும் 280 என்றே இருக்கட்டும். பக்கத்தில் வந்த ஆணைகளுக்கு உரிய பாட்டில்களை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கடைசிப் பாட்டில் தீர்ந்த அன்று இரவு, கடை அடைத்த பின், பக்கத்தின் விலையை மாற்றுங்கள். அடுத்து பில் போடும் இயந்திரத்தில் மாற்றுங்கள். கடைசியாக விலைப்பலகையில் எழுதுங்கள். இம்மூன்றும் முடிந்த பிறகே மறுநாள் கடையைத் திறக்க வேண்டும். விலை மாறுமுன் பணம் கட்டியவருக்குப் பழைய விலையிலேயே அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பொருள், அளவு, விலை, எந்த நாள் முதல் என்ற நான்கு கட்டம் போட்டு, விலையை முதலில் அதில் எழுதுங்கள். மற்ற இடங்களுக்கெல்லாம் அதிலிருந்தே எடுத்து எழுத வேண்டும். பக்கத்தை மாற்றும் முறையை வீட்டில் இருக்கும் ஒருவராவது கற்றுக்கொள்வது அவசியம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலைப்படங்கள் மாதக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆகவே விலையோடு தேதியையும் அந்தப் படத்திலேயே பெரிதாக எழுதுங்கள்.

தள்ளுபடி

'முதல் முறை வாங்குவோருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி' என்று பக்கத்தில் போடுவது வழக்கமாகிவிட்டது. இன்று வந்தவருக்கு 252 ரூபாய், பத்தாண்டாக வாங்கும் உள்ளூர்க்காரருக்கு 280 ரூபாய் என்பது இதன் பொருள். தள்ளுபடி கொடுப்பதானால் அளவுக்குக் கொடுங்கள். ஐந்து லிட்டருக்கு மேல் லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைவு என்றால், அது பக்கத்திலும் விலைப்பலகையிலும் ஒருசேர இருக்க வேண்டும். அதேபோல 350 என்று எழுதி அடித்துவிட்டு 280 என்று போடாதீர்கள். நீங்கள் 350க்கு ஒருநாளும் விற்றதில்லை என்பது கடைக்கு வருகிறவருக்குத் தெரியும்.

தவறு நேர்ந்தால்

வாரத்துக்கு ஒருநாள், விலையை எழுதாத வேறொருவர், வேறொரு கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து, வாங்குகிறவரைப் போலவே பணம் கட்டும் படிவரை சென்று பார்க்கட்டும். அங்கே வரும் தொகையை விலைப்பலகையோடு ஒப்பிட்டால் தவறு தெரிந்துவிடும். நம் ஊர் முகவரிக்கே பக்கத்தில் ஆணைகள் வரத் தொடங்கினாலும் விலையைச் சரிபாருங்கள். பக்கத்து விலை குறைந்து நிற்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் தவறும். அப்போது இரண்டில் குறைந்த விலையையே கொடுத்துவிடுங்கள். பாட்டிலோடு வந்த அந்த அம்மாளிடம் 25 ரூபாயை வாதமின்றித் திருப்பிக் கொடுங்கள். அதே விலையில் வாங்கிய மற்றவர்களின் பெயர் உங்கள் கணக்கில் இருந்தால், அவர்கள் கேட்காமலேயே அடுத்த முறை கழித்துக்கொள்ளுங்கள். நான்கு நாளில் இருபது பாட்டில் விற்றிருந்தாலும் 500 ரூபாய்தான் போகும். அந்த அம்மாள் மாதம் இரண்டு லிட்டர் வாங்குகிறவர். ஓராண்டில் அவர் ஒருவரிடமிருந்தே ஆறாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல் விற்பனை வருகிறது.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் பக்கத்தைத் திறந்து, விலைப்பலகையின் அருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், நாளைக் காலை கடை திறக்கும் முன் சரிசெய்துவிடுங்கள்.